கொரியக் கடிதத்தின் ஒவ்வொரு வரிக்கும் அடியில் ஒலியை எந்த எழுத்தில் கேட்பது?

ஹங்குல் எழுத்துகளை இப்போதுதான் கூட்டி வாசிக்கத் தொடங்கியிருப்பவர், கொரிய நண்பருக்கோ ஆசிரியருக்கோ எழுதும்போது இப்படிக் கேட்பதுண்டு: "பதிலைக் கொரிய மொழியிலேயே எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் அடியில் அதை எப்படி உச்சரிப்பது என்றும் எழுதிவிடுங்கள்." நல்ல வேண்டுகோள்தான். ஆனால் அந்த ஒலி வரியை எந்த எழுத்தில் எழுத வேண்டும் என்று சொல்லாமல் விட்டால், எழுதுகிறவர் பெரும்பாலும் ரோமன் எழுத்தில்தான் எழுதுவார். தமிழில் படித்து வளர்ந்தவருக்கு இருக்கும் வழிகளிலேயே குறைவாக உதவுவது அதுதான்.

வழிகள் மூன்று. ஒலியை ரோமன் எழுத்தில் கேட்கலாம், தமிழ் எழுத்தில் கேட்கலாம், ஹங்குலிலேயே "காதில் விழுகிறபடி" எழுதித் தரச் சொல்லலாம். சர்வதேச ஒலிக்குறியீடு என்று நான்காவது ஒன்றும் உண்டு. அதைப் படித்தறிந்த கொரியர் அபூர்வம், கற்பவருக்கும் அது இன்னொரு புதிய எழுத்துமுறை, ஆகவே அதை இங்கேயே விட்டுவிடலாம்.

முதலில், ஒலி வரி எதற்கு என்று தெளிவாக வேண்டும். ஹங்குலில் அடிப்படை எழுத்துகள் 24 மட்டுமே. கூட்டெழுத்துகளைச் சேர்த்தால் மெய் 19, உயிர் 21 என்று 40 ஆகும். இவற்றைச் சில நாட்களில் அடையாளம் கண்டுகொள்ளலாம். அதற்குப் பிறகும் வாசிப்பு தடுமாறுவதற்குக் காரணம் எழுத்து மறந்துபோவது அல்ல. எழுதியிருப்பது ஒன்று, ஒலிப்பது வேறு என்பதுதான் காரணம்.

தமிழில் "கல்" என்பதோடு "மலை" சேர்ந்தால் "கன்மலை" என்று புணர்ந்த வடிவத்தையே எழுதிவிடுகிறோம். கொரிய மொழி அப்படிச் செய்வதில்லை. பகுதியை மாற்றாமல் "கல்மலை" என்று எழுதிவைத்து, வாயால் "கன்மலை" என்று சொல்வது அவர்கள் முறை. புணர்ச்சி முழுவதும் வாயில் நடக்கிறது, தாளில் தெரிவதில்லை. அந்தத் தெரியாத புணர்ச்சியைக் காட்டுவதுதான் ஒலி வரியின் உண்மையான வேலை. மூன்று வழிகளையும் இந்த ஒரே அளவுகோலால் அளந்துவிடலாம்.

அளந்து பார்க்க ஐந்து வரிக் கடிதம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

```
편지 잘 받았어요.
한국말을 읽을 수 있어요?
천천히 읽어 보세요.
다음 편지도 같이 읽어요.
좋은 하루 보내세요.
```

பொருள் இது: "கடிதம் கிடைத்தது. கொரிய மொழியை வாசிக்க முடிகிறதா? மெதுவாக வாசித்துப் பாருங்கள். அடுத்த கடிதத்தையும் சேர்ந்து வாசிப்போம். இன்றைய நாள் நன்றாக அமையட்டும்." சின்னக் கடிதம்தான், ஆனால் தொடக்கநிலையினரைத் தடுக்கி விழச்செய்யும் மாற்றங்களில் முக்கியமானவை எல்லாம் இதற்குள் இருக்கின்றன.

ரோமன் எழுத்து

தென்கொரிய அரசு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட திருத்திய ரோமன் முறைப்படி மேலே உள்ள கடிதம் இப்படி வரும்.

```
pyeonji jal badasseoyo
hangungmareul ilgeul su isseoyo
cheoncheonhi ilgeo boseyo
daeum pyeonjido gachi ilgeoyo
joeun haru bonaeseyo
```

இந்த முறைக்கு ஒரு நியாயமான பெருமை உண்டு. புணர்ச்சி மாற்றங்களில் பெரும்பாலானவற்றை இது காட்டிவிடுகிறது. இரண்டாம் வரியில் எழுத்தளவில் "குக்" என்று முடியும் அசை, "குங்" என்று ஒலிப்பது இதில் தெரிகிறது. சிக்கல் வேறு மூன்று இடங்களில் இருக்கிறது.

ஒன்று, அசை எங்கே முடிகிறது என்பது தெரிவதில்லை. ஐந்தாம் வரியின் முதல் சொல் `joeun`. இதை "ஜோ-உன்" என்றும் பிரிக்கலாம், `joe` என்பதை ஒரே அசையாக எடுத்து வேறு மாதிரியும் பிரிக்கலாம். சரியானது முதலாவது. நான்காம் வரியின் `daeum` இன்னும் ஏமாற்றும். அது "த-உம்". ஆனால் `ae` என்ற இரண்டு எழுத்தும் சேர்ந்து "எ" ஒலியைக் குறிப்பதும் இதே முறையில் உண்டு என்பதால், பழகாதவர் "தெ-உம்" என்று வாசித்துவிடுவார். குழப்பம் வரும் இடத்தில் இடையில் ஒரு சிறு கோடு போடலாம் என்று விதியே இடம் தருகிறது. நடைமுறையில் அதை யாரும் போடுவதில்லை.

இரண்டு, `eo`, `eu` என்ற இரண்டு உயிர்கள். இவை இரண்டும் கொரிய மொழியில் தனி உயிரொலிகள், ஒரே அசை. தமிழர் கண்ணில் `eo` படும்போது "இயோ" என்றுதான் வாயில் வருகிறது. கொரியத் தலைநகரின் பெயரைத் தமிழில் "சியோல்" என்று எழுதிவருவதற்குக் காரணமே இதுதான். அந்தப் பெயர் ஹங்குலில் `서울` என்று இரண்டு அசை. ரோமனில் `Seo-ul` என்று பிரிய வேண்டும், "ஸொ-ஊல்" என்று ஒலிக்க வேண்டும். ரோமன் எழுத்து அதை `Se-oul` என்று பிரிக்கத் தூண்டியது, அதன்படியே தமிழிலும் "சி" புகுந்துவிட்டது. கடிதத்தின் ஐந்து வரிகளில் `eo` எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை இடத்திலும் இந்தத் தவறு நடக்கும்.

மூன்று, சொல் முதலில் வரும் `b`, `d`, `g`, `j`. முதல் வரியின் `badasseoyo` என்பதைத் தமிழர் வாசித்தால் "பஸ்" என்பதில் வருகிற அதிர்வொலியோடு தொடங்குவார். கொரியர் அங்கே சொல்வது கிட்டத்தட்ட "பல்" என்பதன் "ப". சொல்லின் முதலில் அந்த எழுத்துக்கு அதிர்வு கிடையாது. பழைய ரோமன் முறையில் இதே காரணத்தால்தான் துறைமுக நகரின் பெயர் `Pusan` என்று இருந்தது, 2000க்குப் பிறகு `Busan` ஆனது. ஊர் மாறவில்லை, ஒலியும் மாறவில்லை.

இதெல்லாம் விதிப்படி எழுதினால் வரும் சிக்கல். கொரியர்கள் தங்களுக்குள் ரோமன் எழுத்தில் எழுதிக்கொள்வதில்லை. கேட்டால் அவரவருக்குத் தோன்றியபடி எழுதுவார்கள். இரண்டாம் வரியை ஒருவர் ஒலிப்படி `hangungmareul` என்று எழுதுவார், இன்னொருவர் எழுத்துக்கு எழுத்து `hangukmaleul` என்று எழுதுவார். இரண்டாவது வகை வந்தால் ஒலி வரியால் பயனே இல்லை. மேலே உள்ள எழுத்தைத்தான் அது திரும்பச் சொல்கிறது, புணர்ச்சியைக் காட்டவில்லை. வந்த பதில் எந்த வகை என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு சொல்லைப் பார்த்தாலே போதும்.

தமிழ் எழுத்து

தமிழ் எழுத்து கொரிய ஒலிக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தமிழில் "க" சொல் முதலில் அதிர்வில்லாமலும், மெல்லினத்துக்குப் பின்னால் அதிர்வோடும் ஒலிக்கிறது. "கல்" என்பதில் ஒரு ஒலி, "நான்கு" என்பதில் இன்னொரு ஒலி. யாரும் சொல்லித்தராமலே இதைச் செய்கிறோம். கொரிய மொழியின் ㄱ, ㄷ, ㅂ மூன்றும் இதே பழக்கத்தைக் கொண்டவை: சொல் முதலில் அதிர்வு இல்லை, மெல்லினத்துக்குப் பின்னாலும் உயிர்களுக்கு இடையிலும் அதிர்வு உண்டு. ரோமன் எழுத்தில் விதியாகக் கற்க வேண்டிய இதைத் தமிழ் எழுத்து இலவசமாகத் தந்துவிடுகிறது. ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு. உயிர்களுக்கு இடையில் வரும் "க"வைத் தமிழில் "ஹ" போலத் தளர்த்திச் சொல்லும் வழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது.

ㅡ என்ற உயிர் இன்னொரு பரிசு. உதடு குவியாத "உ" அது. "பாட்டு", "காடு" என்ற சொற்களின் கடைசியில் நாம் சொல்லும் குற்றியலுகரம் அதற்கு மிக நெருக்கம். ㄹ எழுத்து உயிர்களுக்கு இடையில் "ர" ஆகவும் அசையின் இறுதியில் "ல்" ஆகவும் ஒலிக்கும். இரண்டுக்கும் நம்மிடம் எழுத்து உண்டு.

ஆனால் முன்கூட்டியே உடன்பாடு செய்துகொள்ளாமல் தமிழில் எழுதினால் குளறுபடியாகும். கொரிய மொழியில் "ஒ" போன்ற உயிர் இரண்டு: ㅓ வாய் திறந்தது, ㅗ உதடு குவிந்தது. "உ" போன்றதும் இரண்டு. பொருளை மாற்றும் குறில் நெடில் வேறுபாடு இன்றைய பேச்சில் இல்லாததால், நம் குறிலையும் நெடிலையும் இந்த வேறுபாட்டுக்குக் கடன் வாங்கிக்கொள்ளலாம். ㅓ என்றால் "ஒ", ㅗ என்றால் "ஓ", ㅡ என்றால் "உ", ㅜ என்றால் "ஊ". நெடிலாக எழுதினாலும் இழுத்துச் சொல்லக் கூடாது, உதட்டை மட்டும் குவிக்க வேண்டும். ㅐ, ㅔ இரண்டையும் இன்று பெரும்பாலோர் ஒன்றுபோலவே சொல்வதால் இரண்டுக்கும் "எ" போதும்.

மெய்களில் ㅈ எழுத்துக்கு "ஜ", ㅅ எழுத்துக்கு "ஸ" என்று வைப்பதே பாதுகாப்பு. வெறும் "ச" போட்டால் ஒருவர் ஒரு மாதிரியும் இன்னொருவர் வேறு மாதிரியும் வாசிப்பார். மூச்சு விட்டுச் சொல்லும் ㅋ, ㅌ, ㅍ, ㅊ நான்குக்கும் தமிழில் எழுத்து இல்லை. வடமொழித் தோத்திரங்களைத் தமிழில் அச்சிடும்போது "க²" என்று சிறு எண் போடுகிறார்களே, அதே வழியைப் பின்பற்றி க², த², ப², ச² என்று எழுதலாம். ㄲ, ㄸ, ㅃ, ㅆ போன்ற அழுத்தமான ஒலிகளுக்கு இரட்டித்து எழுதினால் போதும். "பக்கம்" என்பதில் வரும் "க்க" போல மூச்சில்லாமல், அதிர்வில்லாமல், இறுக்கமாகச் சொல்ல வேண்டும்.

இந்த உடன்பாட்டின்படி நம் கடிதம்:

```
ப்²யொன்ஜி ஜல் பதஸ்ஸொயோ
ஹன்கூங்மருல் இல்குல் ஸ்ஸூ இஸ்ஸொயோ
சொ²ன்சொ²ன்ஹி இல்கொ போஸெயோ
த-உம் ப்²யொன்ஜிதோ கசி² இல்கொயோ
ஜோ-உன் ஹரூ போனெஸெயோ
```

இரண்டாம் வரியின் "ஸ்ஸூ"வைப் பாருங்கள். தனியாக நிற்கும்போது அது "ஸூ"தான். முன்னால் "இல்குல்" வந்ததால் இறுகி இரட்டிக்கிறது. அரசின் ரோமன் முறை இந்த இறுக்கத்தைக் காட்டுவதில்லை என்பதால் அங்கே வெறும் `su` என்றுதான் இருந்தது. தமிழ் வரியில் காட்ட முடிகிறது.

இவ்வளவு பொருந்தியும் இந்த வழிக்கு இரண்டு பெரிய குறைகள் உண்டு. முதலாவது, கொரிய நண்பருக்குத் தமிழ் எழுதத் தெரியாது. பதில் எழுதுகிறவர் கொரிய மொழி அறிந்த தமிழராக இருந்தால் மட்டுமே இதைக் கேட்க முடியும். இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. இரண்டு வரியும் ஒரே பார்வையில் தெரியும்போது கண் தனக்குப் பழகிய எழுத்துக்குத்தான் போகும். தமிழ் வரி எவ்வளவு சரளமாக வாசிக்க வருகிறதோ அவ்வளவுக்கு மேலே உள்ள ஹங்குல் வெறும் அலங்காரமாகிவிடும். இந்த நிலையில் பத்துக் கடிதம் வாசித்து முடித்தவரும் ஒலி வரியை எடுத்துவிட்டால் முதல் நாள் நின்ற இடத்திலேயே நிற்பார்.

காகிதக் கடிதத்தில் இதற்கு மருந்து எளிது: வரியின் அகலத்துக்கு ஒரு தாள் துண்டை வெட்டி, ஒலி வரியை மறைத்து, மேல் வரியை வாய்விட்டு வாசித்த பிறகே துண்டைக் கீழே நகர்த்த வேண்டும். ஒலி அடியில் இருக்க வேண்டும், தலைக்கு மேல் இருக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். மேலே இருந்தால் மூல வரியைப் பார்ப்பதற்குள் விடையைப் பார்த்துவிடுவோம். கைப்பேசியில் மறைக்க வசதி இல்லை. அங்கே ஒரே பதிலை இரண்டு செய்தியாகக் கேளுங்கள். முதலில் ஹங்குல் மட்டும், அடுத்த செய்தியில் ஒலி வரிகளோடு முழுவதும். முதல் செய்தியை வாசித்து முடிக்கும்வரை இரண்டாவதைத் திறக்க வேண்டாம்.

ஹங்குலிலேயே ஒலி

கொரிய அகராதிகள் உச்சரிப்பைக் காட்டும் முறை இது. சூப்பையும் குழம்பின் நீரையும் குறிக்கும் `국물` என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் `[궁물]` என்று போட்டிருப்பார்கள். எழுதுவது முதலாவது, ஒலிப்பது இரண்டாவது. தங்கள் மொழியின் புணர்ச்சியைத் தங்கள் எழுத்திலேயே காட்டும் வழி என்பதால், பள்ளிப் படிப்பு முடித்த எந்தக் கொரியரும் எளிதாக எழுதித் தருவார்.

```
편지 잘 받았어요.
[편지 잘 바다써요]

한국말을 읽을 수 있어요?
[한궁마를 일글 쑤 이써요]

천천히 읽어 보세요.
[천천히 일거 보세요]

다음 편지도 같이 읽어요.
[다음 편지도 가치 일거요]

좋은 하루 보내세요.
[조은 하루 보내세요]
```

முதல் வரியின் கடைசிச் சொல்லில் நடப்பது நாம் அறிந்ததுதான். அசைக்கு அடியில் தொங்கும் மெய், அடுத்து உயிர் வந்தால் அதன்மேல் ஏறிக்கொள்கிறது. "அவன்" என்பதும் "எங்கே" என்பதும் சேர்ந்து "அவனெங்கே" ஆவது போல. நாம் சேர்த்து எழுதிவிடுகிறோம், அவர்கள் சேர்த்து எழுதுவதில்லை, அவ்வளவே வேறுபாடு. இரண்டாம் வரியில் வல்லினத்துக்குப் பின் மெல்லினம் வந்ததால் வல்லினமும் மெல்லினமாகிறது. நான்காம் வரியின் `같이` எழுத்துப்படி "கத்²-இ", ஒலிப்படி "கசி²". ஐந்தாம் வரியில் ㅎ காணாமலே போகிறது.

இந்த முறையில் ஒரு சரிபார்ப்பு வசதி இருக்கிறது, மற்ற இரண்டிலும் இது கிடையாது. மேல் வரியிலும் ஒலி வரியிலும் அசைகளின் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும். இரண்டாம் வரியை எண்ணுங்கள்: நான்கு, இரண்டு, ஒன்று, மூன்று, மொத்தம் 10 கட்டங்கள், ஓர் அசைக்கு ஒரு கட்டம். ஒலி வரியிலும் அதே 10. எந்தக் கட்டம் மாறியிருக்கிறது என்று விரல் வைத்து ஒப்பிடலாம். அதனால், சொல் இடைவெளிகளை மேல் வரியில் உள்ளபடியே ஒலி வரியிலும் விடும்படி கேட்டுக்கொள்ள வேண்டும்.

குறைகளும் உண்டு. எழுத்தே இன்னும் பிடிபடாதவருக்கு இது உதவாது. பூட்டைத் திறக்கும் சாவியை அதே பூட்டுக்குள் வைத்த மாதிரி ஆகிவிடும். அடுத்தது, ஒலி வரியையே சரியான எழுத்து என்று நினைத்து மனத்தில் பதித்துக்கொள்ளும் ஆபத்து. `가치` என்று ஒரு தனிச் சொல்லே உண்டு, "மதிப்பு" என்று பொருள். "சேர்ந்து" என்று எழுத நினைத்து அதை எழுதினால் வாக்கியம் கெட்டுவிடும். அதனால்தான் ஒலி வரிக்குச் சதுர அடைப்பு கட்டாயம் வேண்டும். அடைப்புக்குள் இருப்பதைப் பார்த்து எழுதக் கூடாது, வாசிக்க மட்டுமே செய்யலாம் என்று பழகிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது குறை, எழுதுகிறவரிடமிருந்து வருவது. தாய்மொழிக்காரர் தன் வாயில் நடக்கும் மாற்றத்தை உணர்வதே இல்லை. "குக்" என்று எழுதியதை "குங்" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார், கேட்டால் "குக்" என்றுதான் சொல்கிறேன் என்பார். விளைவு, சில இடங்களில் மேல் வரியையே பிரதி எடுத்து அடைப்புக்குள் போட்டுவிடுவார். இதைக் கண்டுபிடிக்க மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்: அசையின் அடியில் ㄱ, ㄷ, ㅂ ஒலிகளில் ஒன்று இருந்து அடுத்த அசை ㄴ அல்லது ㅁ என்று தொடங்கும் இடம், அடியில் மெய் இருந்து அடுத்த அசை ㅇ என்று தொடங்கும் இடம் (அடியில் இருப்பதும் ㅇ என்றால் மட்டும் மாற்றம் வராது), அடியில் ㅎ இருக்கும் இடம். இந்த மூன்றில் எங்காவது மேலும் கீழும் ஒன்றாகவே இருந்தால் அது விடுபட்ட இடமாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தச் சொல்லை மட்டும் குரல் பதிவாகக் கேட்டு வாங்குங்கள். எழுத்தில் மறைக்க முடிந்ததைக் குரலில் மறைக்க முடியாது.

அதிர்வொலியை ஹங்குல் ஒலி வரி காட்டாது என்பதும் ஒரு குறையாகச் சொல்லப்படும். தமிழருக்கு அது குறையே அல்ல. `편지` என்பதில் மெல்லினத்துக்குப் பின் வரும் ㅈ அதிர்ந்து ஒலிப்பது, "பஞ்சு" என்று சொல்லும் வாய்க்குத் தானாகவே வரும்.

எதைத் தேர்வது

முடிவைத் தீர்மானிப்பவை இரண்டு: பதில் எழுதுகிறவர் யார், உங்களுக்கு எழுத்து எந்த அளவுக்குப் பிடிபட்டிருக்கிறது. இரண்டாவதை அளக்க, கடிதத்திலிருந்து எந்த ஒழுங்கும் இல்லாமல் 10 கட்டங்களைத் தொட்டு, அடி வரியை மறைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாசியுங்கள். 8 சரியாக வந்தால் எழுத்து பிடிபட்டுவிட்டது. புணர்ச்சியில் தவறினால் பரவாயில்லை, இங்கே பார்ப்பது தனிக் கட்டம் மட்டுமே.

அந்த 8 வரவில்லை, எழுதுகிறவர் தமிழ் அறிந்தவர் என்றால், தமிழ் ஒலி வரியைக் கேளுங்கள், மேலே சொன்ன உடன்பாட்டை அவருக்கு முன்கூட்டியே அனுப்பிவைத்து. ஆனால் மூன்று அல்லது நான்கு கடிதத்துக்கு மேல் வேண்டாம். எழுதுகிறவர் கொரியர் என்றால், ரோமன் வரியைக் கேட்பதற்குப் பதிலாகக் கடிதத்தை அவர் குரலில் மெதுவாக வாசித்து அனுப்பச் சொல்லி, தமிழ் வரியை நீங்களே எழுதிக்கொள்வது மேல். ஐந்து வரிக்கு அரைமணி நேரம் பிடிக்கும். எழுதும்போதே `읽을` என்ற இடத்தில் காது "இல்குல்" என்கிறதே, கண் வேறு எதையோ பார்க்கிறதே என்று நின்று யோசிப்பீர்கள். அந்த யோசனைக்கு ஈடு வேறு எந்த ஒலி வரியிலும் இல்லை.

8 வந்துவிட்டால், யார் எழுதினாலும், தமிழ் அறிந்தவரே எழுதினாலும், ஹங்குல் ஒலி வரிக்கு மாறிவிட வேண்டும். அடுத்த படியில் முழு வரிக்கும் ஒலி வேண்டாம், ஒலி மாறும் சொல்லுக்கு மட்டும் போதும் என்று சொல்லுங்கள். நம் கடிதத்தில் 17 சொற்கள். அவற்றில் எழுத்தும் ஒலியும் வேறுபடுபவை 9. மீதி 8 சொற்களுக்கு அடியில் ஒன்றும் இல்லை என்பதே "எழுதியபடி வாசி" என்ற தகவலாகிவிடும், கண்ணும் மேல் வரியிலேயே நிற்கும். இந்த நிலையை எல்லோரும் சீக்கிரம் எட்ட வேண்டும் என்பதே என் விருப்பம்.

கேட்கும் விதமும் முக்கியம். "உச்சரிப்பையும் எழுதுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் ரோமன்தான் வரும். கொரிய மொழியில் "ஒலிக்கிறபடி" என்பதற்கு `소리 나는 대로` என்ற தொடர் வழக்கில் இருக்கிறது. அதையும் ஓர் எடுத்துக்காட்டையும் சேர்த்துக் கேட்டால் விளக்கமே தேவைப்படாது.

```
한글을 배우고 있어요.
답장은 한국말로, 해요체로 써 주세요.
한 줄에 한 문장만 써 주세요.
줄마다 아래에 소리 나는 대로 한글로 써 주세요.
예: 국물 [궁물]
```

"ஹங்குல் கற்றுவருகிறேன். பதிலைக் கொரிய மொழியில், 'யோ' என்று முடியும் மரியாதை நடையில் எழுதுங்கள். ஒரு வரிக்கு ஒரு வாக்கியம் மட்டும். ஒவ்வொரு வரிக்கும் அடியில் ஒலிக்கிறபடி ஹங்குலில் எழுதுங்கள்" என்பது இதன் பொருள். நடையைக் குறிப்பிடுவதற்குக் காரணம், வாக்கிய முடிவுகள் ஒரே மாதிரி வந்தால் கண் சீக்கிரம் பழகும். ஒரு வரிக்கு ஒரு வாக்கியம் என்பது கைப்பேசிக்காக. ஏறக்குறைய 12 கட்டங்களைத் தாண்டினால் வரி மடங்கி, ஒலி வரி தவறான சொல்லுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடும். தமிழ்ப் பொருளையும் மூன்றாவது வரியாகக் கேட்கும் ஆசை வரும். அதைக் கடிதத்தின் கடைசியில் மொத்தமாகக் கேளுங்கள், வரிக்கு வரி வேண்டாம். மூன்று அடுக்காகிவிட்டால் ஹங்குலை வாசிக்க எந்தத் தேவையும் மிச்சமிருக்காது.

பதிலில் ஓரிடம் பிரதி எடுத்தது போலத் தெரிந்தால், தவறு என்று சொல்லாமல் கேள்வியாக அனுப்பலாம்:

```
한국말은 [한궁말]로 읽어요?
```

"இந்தச் சொல்லை இப்படி வாசிக்க வேண்டுமா?" என்பதுதான் கேள்வி. அவர் அதைத் தன் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்ப்பார், அடுத்த கடிதத்தில் அந்த வகைச் சொற்கள் எல்லாம் திருத்தமாக வரும்.